மைனஸ் இரண்டரை பிறந்த கதை

பெரியம்மாவுக்கு வயது 68. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அது எதை எதால் வகுத்து வந்தது என்று தெரியாமல் விடமாட்டார். போன மாதம் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கத் தாள். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சாம்பல் நிறப் படங்களாக இருந்தன, பக்கத்தில் கட்டம் போட்டு எண்கள். "தொடை எலும்பின் கழுத்து: டி-ஸ்கோர் -2.6" என்ற வரியில் யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"மைனஸ்னா பூஜ்யத்துக்குக் கீழ. அப்ப எனக்கு எலும்பே இல்லையா?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். இளம் வயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டது என்று அதில் இருந்தது. "ஏம்ப்பா, எனக்கு அறுபத்தெட்டு. என் எலும்ப எதுக்கு இருபத்தஞ்சு வயசுப் பொண்ணோட எலும்போட வச்சுப் பாக்கணும்? அந்தப் பொண்ணு யாரு?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அந்தப் பெண் யார் என்று தேடிக்கொண்டு போனால்தான் இந்தத் தாளை வாசிக்க முடியும்.

முதலில் ஒரு எலும்பை உடைக்காமல் எடைபோட முடிந்தாக வேண்டும். 1941-ல் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்குவதை விவரித்து எழுதினார். எலும்புப்புரை என்று நாம் சொல்லும் நோய்க்கும் பெண் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய கட்டுரை அது. ஆனால் நோய் இருக்கிறதா என்று அறிய அவரிடம் இருந்தது சாதாரண எக்ஸ்ரே மட்டும். எக்ஸ்ரே படத்தில் எலும்பு 'வெளிறி'த் தெரிய வேண்டுமானால் அதன் சுண்ணாம்பில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போயிருக்க வேண்டும். படம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்துவிட்டாலும் நல்ல எலும்பு நோயுற்றதாகத் தெரியும். அந்தக் காலத்தில் எலும்பு மெலிந்ததைக் கண்டுபிடித்த முறை பெரும்பாலும் ஒன்றுதான்: அது முறியும் வரை காத்திருப்பது.

1963-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் கேமரானும் ஜேம்ஸ் சோரன்சனும் படம் பிடிப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். கேமரான் இயற்பியலாளர். அயோடின்-125 என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து மெல்லிய கற்றை ஒன்றை முன்கையின் குறுக்கே அனுப்பி, மறுபுறம் எத்தனை கதிர்த்துகள் வந்து சேர்கின்றன என்று எண்ணினார்கள். எலும்பில் இருக்கும் சுண்ணாம்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாக மறுபுறம் வரும். சதையும் கொஞ்சம் தடுக்கும் என்பதால், சதை போலவே கதிரை மட்டுப்படுத்தும் பொருளால் கையைச் சூழ்ந்து, குறுக்குவெட்டு முழுவதும் ஒரே கனமாக்கினார்கள். அப்படிச் செய்தால் எண்ணிக்கையில் விழும் பள்ளம் எலும்பினால் மட்டும்தான்.

கைக்குச் சரி. முறிந்தால் மனிதரைப் படுக்கையில் தள்ளும் எலும்புகள் இடுப்பிலும் முதுகிலும் அல்லவா இருக்கின்றன? வயிற்றைச் சுற்றி ஒரே கனமாக்க முடியாது. உள்ளே சதை, கொழுப்பு, காற்று எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதே விஸ்கான்சினில் ரிச்சர்ட் மாசெஸ் போன்றவர்கள் வளர்த்தெடுத்த தீர்வு, இரண்டு விதக் கதிர். குறைந்த ஆற்றல் கதிரைச் சுண்ணாம்பு மிக அதிகமாகத் தடுக்கும், கூடிய ஆற்றல் கதிரை அவ்வளவு தடுக்காது. சதைக்கு இந்த வித்தியாசம் குறைவு. ஒரே இடத்தில் இரண்டையும் அனுப்பினால் இரண்டு சமன்பாடு கிடைக்கும், தெரியாதவையும் இரண்டு: எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குக் குடுக்குற கணக்கு" என்றார். ஆமாம், அதேதான்.

முதலில் காடோலினியம்-153 என்னும் கதிரியக்கப் பொருள் அந்த இரண்டு கதிரையும் தந்தது. அது நாளுக்கு நாள் வலுவிழக்கும், வருடத்துக்கு ஒரு முறையேனும் மாற்ற வேண்டும், ஒரு முதுகெலும்பை அளக்க அரை மணி நேரம்கூட ஆகும். 1987-ல் ஹோலாஜிக் என்னும் நிறுவனம் அதைத் தூக்கிவிட்டு எக்ஸ்ரே குழாயை வைத்தது. அதுதான் டெக்ஸா, 'இரட்டை ஆற்றல் எக்ஸ்ரே உறிஞ்சல் அளவீடு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அளவு நிமிடக் கணக்கில் முடிந்தது, படமும் தெளிவாக வந்தது. மாசெஸ் 1980-ல் தொடங்கியிருந்த லூனார் நிறுவனமும் பின்னாலேயே வந்தது. நோர்லண்ட் என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது, டி-ஸ்கோரின் கதையும் தொடங்குகிறது. மூன்று நிறுவனமும் இரண்டு விதக் கதிரை வெவ்வேறு வழியில் உண்டாக்கின. எலும்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று முடிவு செய்யும் கணக்கும் ஆளுக்கொன்று. விளைவு, ஒரே பெண்ணின் ஒரே முதுகெலும்பை ஹோலாஜிக்கில் அளந்துவிட்டு லூனாரில் அளந்தால் லூனார் எண் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதலாக வரும். பெண்ணும் மாறவில்லை, எலும்பும் மாறவில்லை. ஒரு கடைத் தராசில் ஒரு கிலோ, அடுத்த கடைத் தராசில் ஒரு கிலோ நூற்றிருபது கிராம் என்ற நிலை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, இதற்குக் கீழே போனால் நோய் என்று உலகத்துக்குப் பொதுவாக ஒரு கோடு போட வழியில்லை.

கிலோவை விட்டுவிட்டு வேறு அலகுக்குப் போனார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் எந்திரத்திலேயே நலமான இளம் பெண்களை அளந்து ஒரு சராசரி வைத்திருக்கும். அந்தப் பெண்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதும் தெரியும். புள்ளியியலில் அதைத் திட்ட விலக்கம் என்பார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் சராசரிக்கு இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் அடங்கிவிடுவார்கள். உங்கள் எலும்பு அந்தச் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எந்திரத்தின் கோணல் பெருமளவு கரைந்துபோகும். கீழ் முதுகுக்கு ஹோலாஜிக் வைத்திருக்கும் இளம்பெண் சராசரி சதுர சென்டிமீட்டருக்கு 1.047 கிராம், லூனார் வைத்திருப்பது சுமார் 1.18. எண்கள் வேறு, ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை படி இறக்கம் என்று கேட்டால் பதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். அந்தப் படிக் கணக்குதான் டி-ஸ்கோர். (பள்ளித் தேர்வு மதிப்பெண்களுக்கு 1922-லேயே வில்லியம் மெக்கால் என்பவர் டி-ஸ்கோர் என்று ஒன்றை வைத்தார். அதில் சராசரி 50, அந்தக் கணக்கு வேறு. பெரியம்மா பி.எட். படித்தபோது வந்தது அதுதான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் அது அவர் தப்பில்லை.)

சரி, ஏன் இளம் பெண்? சம வயதுக்காரர்களோடு ஒப்பிடுவதுதானே நியாயம்? அந்த ஒப்பீடும் தாளில் இருக்கிறது, பக்கத்துக் கட்டத்தில், இசட்-ஸ்கோர் என்ற பெயரில். ஆனால் அதை வைத்து நோயை வரையறுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். சம வயதுக்காரர்களின் சராசரிக்கு இரண்டு படி கீழே இருப்பவர்கள் எந்த வயதிலும் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஐம்பதிலும் இரண்டு, எண்பதிலும் இரண்டு. எண்பதில் இடுப்பெலும்பு முறிவது எத்தனையோ மடங்கு அதிகம் என்பது கண்கூடாக இருக்க, நோய் மட்டும் வயதோடு கூடவே இல்லை என்று காகிதம் சொல்லும். வகுப்பே தோற்றாலும் வகுப்புச் சராசரியைத் தொட்டவன் தேறிவிட்டான் என்பது போல. எலும்பு உச்சத்தில் இருக்கும் வயதை அளவுகோலாக வைத்தது இதற்காகத்தான்.

அடுத்து கோடு. எத்தனை படி இறங்கினால் நோய்?

1992 ஜூனில் ரோமில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒன்று கூடியது. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜான் கேனிஸ் அதில் முதன்மையானவர். அவர்கள் கையில் இருந்த வேலை, எந்தெந்த நாட்டில் எத்தனை பேருக்கு எலும்புப்புரை இருக்கிறது என்று எண்ணுவதற்கு ஒரு பொது வரையறை. தனி ஒருவருக்கு மருந்து கொடுக்கலாமா என்பது அன்றைய முதல் கேள்வி அல்ல. இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது. எலும்பு மெலிய மெலிய முறியும் வாய்ப்பு சீராகக் கூடிக்கொண்டே போகும், இன்ன இடத்தில் திடீரென்று குதிக்காது. பாறை விளிம்பு இல்லாத சரிவில் வேலி எங்கே நடுவது? அவர்கள் நட்ட இடம் -2.5. அந்த இடத்தில் நட்டால், மாதவிடாய் நின்ற வெள்ளைக்காரப் பெண்களில் இடுப்பு, முதுகு, முன்கை என்று ஏதோ ஓரிடத்தில் வேலிக்குக் கீழே வருபவர்கள் சுமார் 30 சதவீதம். அந்த இடங்களில் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் முறிவு வரும் வாய்ப்பும் ஏறக்குறைய அதே அளவு. இடுப்பை மட்டும் எடுத்தாலும் ஆறில் ஒருவர் கீழே வருவார், வாழ்நாளில் இடுப்பு முறிபவரும் ஏறக்குறைய ஆறில் ஒருவர். கணக்கு பொருந்தியது, வேலி நின்றது. கூட்டத்தில் இருந்த அன்னா டோஸ்டெசன் பல வருடம் கழித்து ஒரு வானொலி நிகழ்ச்சியில் இதை நினைவுகூர்ந்தார். பேசிப் பேசி, எங்கேயாவது ஓரிடத்தில் கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்று வந்து நின்றதாக அவர் சொன்னதன் சாரம்.

-1-க்கும் -2.5-க்கும் நடுவில் இருந்ததற்கும் ஒரு பெயர் வைத்தார்கள், ஆஸ்டியோபீனியா. எண்ணிக்கை வசதிக்காக வைத்த அந்தப் பெயர் பிற்பாடு நோய்ப் பெயராகி, லட்சக்கணக்கான பெண்களைப் பயமுறுத்தியது. -1 என்பது எவ்வளவு சாதாரணம் என்று பாருங்கள். ஒப்பிட எடுத்த அந்த நலமான இளம் பெண்களிலேயே நூற்றுக்குப் பதினாறு பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். புள்ளியியலின் வளைவு அப்படி.

அறிக்கை 1994-ல் வெளிவந்தது. ஆனாலும் தராசுச் சண்டை முழுசாக ஓயவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குக் கிடைத்த இளம் பெண்களை அளந்திருந்தது. இடுப்பு அளவில் ஒரு நிறுவனத்தின் இளம்பெண்கள் கொஞ்சம் கூடுதல் திடமாக அமைந்துவிட, அந்த எந்திரத்தில் ஏறிய கிழவிகள் எல்லாரும் கூடுதல் நோயாளிகளாகத் தெரிந்தார்கள். தீர்வு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்க அரசு நாடு தழுவி நடத்திய உடல்நலக் கணக்கெடுப்பில் ஆயிரக்கணக்கானவர்களின் இடுப்பை டெக்ஸாவில் அளந்திருந்தார்கள். ஆன் லுக்கரும் அவரது குழுவும் அதை 1990-களில் வெளியிட்டார்கள். அதில் 20 முதல் 29 வயது வரையிலான வெள்ளை இனப் பெண்கள் 409 பேர். தொடை எலும்பின் கழுத்தில் அவர்களின் சராசரி 0.858, திட்ட விலக்கம் 0.120. எல்லா நிறுவனங்களும் இடுப்புக்கு இந்த அளவையே எடுத்துக்கொள்ளட்டும் என்று பன்னாட்டுக் குழுக்கள் பரிந்துரைத்தன. முதுகுக்கு மட்டும் இன்றும் அவரவர் அளவுகோல்தான்.

ஆக, பெரியம்மா கேட்ட அந்தப் பெண் கிடைத்துவிட்டாள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அமெரிக்காவில் இருபதுகளில் இருந்தவள். இன்றைக்கு அவளும் மாதவிடாய் நிற்கும் வயதைத் தாண்டியிருப்பாள்.

இனி தாளுக்கு வரலாம். தொடை எலும்பின் கழுத்து என்ற வரியில் முதலில் பரப்பு, 4.80 சதுர செ.மீ. அடுத்து தாது எடை, 2.62 கிராம். இரண்டையும் வகுத்தால் அடர்த்தி, 0.546. பெரியம்மா பேனா எடுத்தார். 0.546-லிருந்து 0.858-ஐக் கழித்தால் -0.312. அதை 0.120-ஆல் வகுத்தால் -2.6. வட்டம் போட்ட எண் கையில் வந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிராமைச் சதுர சென்டிமீட்டரால்தான் வகுத்திருக்கிறது, கன சென்டிமீட்டரால் அல்ல. டெக்ஸா எலும்பின் நிழலை அளக்கிறது, அதன் ஆழம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒரே தரமான செங்கல்லில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்றால், நிழலுக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும்போது சிறியது இளைத்தே காட்டும். பெரியம்மா ஐந்தடிக்கும் குறைவு, சிற்றெலும்பு. அமெரிக்கச் சராசரியோடு வைத்தால் -2.6-இல் கொஞ்சம் பங்கு அவர் உடல்வாகினுடையது. நம் ஊரில் சராசரிப் பெண்ணின் எண்ணும் இப்படியே தாழ்ந்து வரும். இந்தியப் பெண்களுக்கு என்று தனி அளவுகோல் ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-ல் வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் பல மையங்களில் எந்திரத்தோடு வந்த அமெரிக்க அளவே தொடர்கிறது. ஆகவே தாளின் அடியில் இருக்கும் அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பார்க்காமல் இரண்டு மையத்துத் தாள்களை ஒப்பிட வேண்டாம்.

பக்கத்துக் கட்டத்தில் அவருடைய இசட்-ஸ்கோர் -0.9. அதாவது அவர் வயதுக்காரர்களில் அவர் சற்றுத்தான் கீழே, பெரிய விலகல் இல்லை. இது -2-க்கும் கீழே போயிருந்தால், வயது மட்டும் காரணமாக இருக்காது, தைராய்டு, பாராதைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, ரத்தப் புற்று வகைகள் என்று வேறு எதையாவது தேட வேண்டும் என்று மருத்துவர் கிளம்புவார். இசட்-ஸ்கோரின் வேலை அந்த எச்சரிக்கையோடு சரி. -0.9 என்று கண்டு மகிழ்ந்துவிடவும் கூடாது. ஒத்த வயதுக்காரர்களின் எலும்பும் மெலிந்துதானே கிடக்கிறது?

முழு இடுப்பு என்ற வரியில் 0.698, டி-ஸ்கோர் -2.0. முதுகு, எல்1 முதல் எல்4 வரை சேர்த்து 0.834, டி-ஸ்கோர் -1.9. முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருக்கும் நான்கு முள்ளெலும்புகள் அவை. மூன்று இடத்தில் எது மிகக் குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் கணக்கில் நிற்பது கழுத்தின் -2.6. ஆனால் முதுகின் -1.9 என்னை உறுத்தியது. இடுப்பைவிட முதுகு நன்றாக இருக்கிறதா?

தனித்தனி வரிகளைப் பார்த்தோம். எல்1 -2.1, எல்2 -2.4, எல்3 -2.6. எல்4 மட்டும் -0.9. அடுத்தடுத்து ஒட்டி இருக்கும் எலும்புகள் ஒரே ரத்தத்தில், ஒரே உடலில் வளர்ந்தவை. ஒன்று மட்டும் பக்கத்து எலும்பைவிட ஒரு படிக்கு மேல் உயர்ந்து நின்றால் அது வலிமை இல்லை, தேய்மானம். வயதானால் கீழ் முதுகு மூட்டுகளில் எலும்பு முளைகள் வளரும், தட்டு இறுகும். டெக்ஸா அவற்றையும் சுண்ணாம்பாகவே எண்ணிக்கொள்ளும். முதுகுக்கு முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பும் இதில் சேரும். நொறுங்கிப்போன முள்ளெலும்புகூட இப்படித்தான் ஏமாற்றும். அதே அளவு தாது குட்டையான பரப்பில் அமுங்கி இருப்பதால், உடைந்த எலும்புதான் வரிசையிலேயே நல்ல எலும்பாகத் தெரியும். எல்4-ஐ நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் சேர்த்தால் -2.4. இப்போது முதுகும் இடுப்பும் ஒரே கதையைச் சொல்கின்றன. பெண்களுக்கு அறுபத்தைந்துக்கு மேல் முதுகு எண்ணை நம்புவதற்கு முன் நான்கு வரியையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இடுப்பிலும் ஒரு கோளாறு உண்டு, படத்தைப் பார்த்தே பிடிக்கலாம். ஸ்கேன் எடுக்கும்போது பாதத்தை ஒரு முக்கோணக் கட்டையோடு கட்டி, காலை உள்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். அப்போதுதான் தொடை எலும்பின் கழுத்து மேசைக்கு இணையாகக் கிடக்கும். சரியாகத் திருப்பாவிட்டால் கழுத்து குறுகித் தெரிந்து, அடர்த்தி மாறிவிடும். படத்தில் தொடையின் உள்பக்கத்தில் ஒரு சிறு முடிச்சு துருத்திக்கொண்டு பெரிதாகத் தெரிந்தால் கால் திரும்பவில்லை என்று அர்த்தம். நன்றாகத் திருப்பிய படத்தில் அது லேசாகத்தான் தெரியும். பெரியம்மா படத்தில் லேசாகவே இருந்தது. ஸ்கேனுக்கு முன் புடவையை மாற்றி அங்கி கொடுத்தார்களாம், சேஃப்டி பின்னையும் இடுப்பில் கட்டியிருந்த தாயத்தையும் கழற்றச் சொன்னார்களாம். முந்தின நாளிலிருந்து கால்சியம் மாத்திரை போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் அதுவும் முதுகெலும்புக் கணக்கில் ஏறும். ஒழுங்கான மையம்தான்.

இதற்கு முன்னால் அவர் போன இடம் அப்படி இல்லை. கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு முகாம். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் அட்டை கொடுத்தார்கள்: டி-ஸ்கோர் -3.1. பக்கத்து மேசையில் மாத்திரை. அந்தப் பெட்டி ஒலி அலையால் குதிகாலை அளக்கிறது. அதன் எண்ணும் டி-ஸ்கோர் என்ற பெயரோடுதான் வருகிறது, ஆனால் ரோமில் நட்ட வேலி அதற்கானது இல்லை. டெக்ஸாவில் இடுப்பும் முதுகும் முன்கையும் அளந்து வந்த எண்ணுக்குத்தான் -2.5 பொருந்தும். குதிகால் அட்டையில் கண்ட -3.1-ஐ வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது, டெக்ஸா எடுக்கலாமா என்று யோசிக்க மட்டும் அது உதவும்.

"சரி, ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு தடவ எடுத்தா?" என்றார் பெரியம்மா. அதே எந்திரத்தில் எடுக்க வேண்டும், வேறு எந்திரமானால் பழைய தராசுச் சண்டை திரும்பி வரும். அதே எந்திரத்திலும் ஒருவரை இறக்கி மறுபடி ஏற்றிப் படுக்க வைத்தால் எண் அப்படியே வராது. கழுத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட தளர்வு எவ்வளவு என்றால், இரண்டு அளவுக்கு நடுவில் ஏறக்குறைய 7 சதவீத வித்தியாசம் வந்தால்தான் அது நிஜ மாற்றம். முழு இடுப்புக்கும் முதுகுக்கும் சுமார் 5 சதவீதம். அடுத்த முறை கழுத்து 0.530 என்று வந்தால் டி-ஸ்கோர் -2.7 ஆகிவிடும், வீட்டில் எல்லாரும் பதறுவார்கள். ஆனால் இறக்கம் 3 சதவீதம்தான். எலும்பு மாறியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, படுத்த விதம் அசைந்திருக்கலாம்.

-2.6 என்பது முறியும் வாய்ப்பைப் பற்றி என்ன சொல்கிறது என்பது கடைசிக் கேள்வி. இடுப்பு அடர்த்தி ஒரு படி இறங்கினால் இடுப்பு முறிவின் வாய்ப்பு சுமார் 2.6 மடங்கு கூடும் என்று 1996-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை காட்டியது. (பெரியம்மாவின் 2.6-க்கும் இதற்கும் தொடர்பில்லை, தற்செயல்.) ஆனால் வயதும் தன் பங்குக்குப் பெருக்கும். அதே -2.6 ஐம்பது வயதுக்காரிக்கு ஒன்று, எண்பது வயதுக்காரிக்கு வேறு. தடுமாறி விழுவது, கண்ணில் புரை, ராத்திரி எழுந்து போவது எதுவும் எந்திரத்துக்குத் தெரியாது. இதையெல்லாம் விட்டுவிட்டு வேலியை மட்டும் பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எலும்பு முறிந்து வரும் வயதான பெண்களில் பெரும்பாலோரின் டி-ஸ்கோர் -2.5-க்கு மேலேதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் மிக அதிகம் என்பதால் அப்படி. இதைச் சரிக்கட்டத்தான் அதே கேனிஸ் குழு 2008-ல் வயது, எடை, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, ஸ்டீராய்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து வருட வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் என்ற கருவியை வெளியிட்டது. கோடு போட்டவரே கோட்டைத் தாண்டி வந்ததை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். அவர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். வைட்டமின் டி அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கச் சொன்னார். அது மிகக் குறைந்து எலும்பில் சுண்ணாம்பே ஏறாமல் இருந்தாலும் டெக்ஸா இதே எண்ணைத்தான் காட்டும், புரை எது, மென்மையாகிப்போன எலும்பு எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. பிறகு பெரியம்மாவை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார். 149 செ.மீ.

"வயசுல எவ்வளவு இருந்தீங்கம்மா?"

பெரியம்மாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. வேலையில் சேரும்போது உடல்தகுதிச் சான்றிதழில் எழுதியிருந்தார்கள். "நூத்தி அம்பத்தி நாலு."

நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம் என்றார் மருத்துவர். படம் வந்தது. மார்பு முள்ளெலும்புகளில் கடைசியானது, பன்னிரண்டாவது, முன்பக்கம் அமுங்கி ஆப்பு போலக் கிடந்தது. எல்1-க்கு நேர் மேலே. டெக்ஸா அளந்த வரிசைக்கு ஒரு படி வெளியே. எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். விழவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அரிசி மூட்டையை நகர்த்தியபோது முதுகில் சுரீர் என்றதாம், தைலம் தேய்த்துக்கொண்டாராம்.

மூட்டை நகர்த்தி முள்ளெலும்பு முறிந்தவருக்கு எலும்புப்புரை இருக்கிறது என்று சொல்ல டி-ஸ்கோர் தேவையில்லை என்றார் மருத்துவர். -1.5 இருந்திருந்தாலும் இதே மருந்துதான் எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே சீட்டை எழுதினார். டெக்ஸா தாளை மடித்து அடுத்த முறைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார், எந்திரத்தின் பெயர் அதில் இருக்கிறதாம்.